ஏட்டுக்குத் துவைக்காத துணி

இசக்கிப்பாண்டி சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டே வயிறு வளர்த்த மனிதர். செங்கோட்டை, புளியங்குடி, ஆலங்குளம் என்று எந்த ஸ்டேஷனில் தூக்கிப் போட்டாலும், எதிரே இருப்பவன் வாயைத் திறக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். அப்படிப்பட்டவர், ஆனி மாதச் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், குற்றாலம் போகிற வழியில் மேலகரம் தாண்டி ஒரு வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு, ஒரு பூனைக்காக என்ன கேட்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

பூனை அவருடையது இல்லை. அவர் மனைவி வடிவம்மாளுடையது. சாம்பல் நிறக் கடுவன். முன்னங்காலில் மூன்று கறுப்புக் கோடுகள், ஏட்டையாவின் சட்டைக்கையில் இருப்பதைப் போலவே. "நீங்க எஸ்.ஐ., இவன் ஏட்டு. ரெண்டு பேரும் சோத்து நேரத்துக்கு மட்டும்தான் வீட்டுக்கு வாறீய" என்று வடிவம்மாள் அதற்கு ஏட்டு என்றே பெயர் வைத்துவிட்டாள். இசக்கிப்பாண்டிக்கும் ஏட்டுக்கும் ஒத்துப்போகாது. அவர் சாய்வு நாற்காலியில் அது முடி உதிர்க்கும், அவர் விரட்டுவார், அது வடிவம்மாளின் மடியில் போய் ஏறிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்க்கும். மேலிடத்துச் செல்வாக்கு உள்ள ஏட்டுகள் பார்க்கும் பார்வை அது. அவருக்குப் பழக்கமானதுதான்.

போன ஐப்பசியில் வடிவம்மாள் காய்ச்சல் என்று படுத்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் சொந்தக்காரப் பெண்கள் சேர்ந்து அவளுடைய சேலைகளைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டார்கள். போனவர்களுடைய துணிமணி வீட்டில் இருக்கக் கூடாது என்று இசக்கிப்பாண்டியின் அக்காள் சொல்லிவிட்டாள், அவரும் தலையாட்டிவிட்டார். பீரோ காலியானது. ஒரே ஒரு சேலை மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வடிவம்மாள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன ஊதாக் கட்டம் போட்ட நூல் சேலை. அடுக்களைக் கட்டிலில் கிடந்த அதன்மேல் ஏட்டு படுத்துக்கொண்டிருந்தது. எடுக்கப்போன அக்காளைப் பார்த்து அது சீறிய சீறலில், "சனியன், அதுவே வச்சுக்கிடட்டும்" என்று அவள் விட்டுவிட்டுப் போனாள்.

அந்த நாட்களில் ஏட்டு சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "பூனை பட்டினி கெடக்கக் கூடாது சார். ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா ஈரல் கெட்டுப்போவும். அப்புறம் பிழைக்க வைக்கது கஷ்டம். இன்னொரு தடவ இப்படி விட்டுறாதீங்க" என்றார். இசக்கிப்பாண்டி அதைத் தமக்கே சொன்ன எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார். அவரும் அப்போது சரியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், மகள் மஞ்சுவுக்கு இது பிரசவ மாதம். மாப்பிள்ளை ராணுவத்தில், ஜலந்தரில் இருக்கிறார். முதல் பிள்ளையைத் தென்காசியில், இந்த வீட்டில் இருந்துதான் பெற்றாள், வடிவம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டாவதற்கு அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று அங்கேயே இருந்துவிட்டாள். போனில் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "நீங்க வந்து சும்மா உக்காந்திருந்தாலே போதும்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. குறைந்தது ஒரு மாதம் போய் இருக்க வேண்டும். ரயிலில் இரண்டு மூன்று நாள் பூனையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

"தெருவுல விட்டுட்டுப் போ. பூனை எங்கனயும் பிழைச்சுக்கிடும்" என்றாள் அக்காள். இசக்கிப்பாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அக்காளிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மாடிப்படியில் நின்றவரை வரவேற்றவள் பர்சானா. பூனைகளை மட்டும் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் நடத்துகிறாள். முப்பது வயது இருக்கும், கையெல்லாம் பூனை பிறாண்டிய பழைய கோடுகள்.

இசக்கிப்பாண்டி உள்ளே போனதும் முதலில் கதவைப் பார்த்தார். ஒரு கதவு, அதற்குள் இன்னொரு வலைக்கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறந்தாள்.

"ஏம்மா ரெண்டு கதவு?"

"ஒண்ணு தப்பி ஓடிச்சுன்னா அங்கனயே பிடிச்சிரலாம்லா அண்ணாச்சி."

லாக்கப்பில்கூட இந்த ஏற்பாடு கிடையாதே என்று அவருக்கு மனதுக்குள் ஒரு மரியாதை வந்தது. அதன் பிறகு பழைய இசக்கிப்பாண்டி வெளியே வந்துவிட்டார். நாய்கள் உண்டா? கிடையாது, சத்தமும் வாடையுமே பூனைகளுக்கு ஆகாது. ஒரு கூண்டில் எத்தனை? ஒன்றுதான், ஒரே வீட்டிலிருந்து வந்த ஜோடி என்றால் மட்டும் இரண்டு. கூண்டை யார் கழுவுவது, எதைப் போட்டுக் கழுவுவது? சீசன் நேரத்தில் கூட்டம் அதிகமானால் இன்னும் நாலைச் சேர்த்து அடைப்பீர்களா? ராத்திரி இங்கே ஆள் படுப்பதுண்டா? கரண்ட் போனால் என்ன? ஜன்னலில் குரங்கு வந்தால்? பர்சானா சளைக்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொரு கூண்டும் பீரோ அளவுக்கு இருந்தது. ஏறிப் படுக்க மேலே ஒரு தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக மண் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில்.

கடைசியாக, கேட்கத்தான் வந்த கேள்வியைக் கேட்டார். "சாப்பிடலன்னா என்ன செய்வ?"

"புது இடத்துல முத நாளு பலதும் சாப்பிடாது. சூடு காட்டி, வாசம் வாற மாதிரி வச்சுப் பாப்பேன். ஒரு நாள் முழுசும் தொடலன்னா உங்களுக்குப் போன் வரும். அதுக்கு மேல காத்துக் கெடக்க மாட்டேன், டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருவேன். அப்பவும் நீங்க எடுக்கலன்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் தரணும்."

சரியான பதில். ஆனால் நம்பர்? அவர் யோசித்தார். அக்காள் நம்பரைத் தர மனம் வரவில்லை. மகளோ ஆஸ்பத்திரியில் இருப்பாள். ஊர் முழுக்கத் தெரிந்த மனிதருக்கு, ஒரு பூனைக்காகக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. "அப்புறமா தாரேன்" என்றார்.

"இப்ப நான் கேக்கட்டுமா அண்ணாச்சி?" என்று பர்சானா ஆரம்பித்தாள்.

ஊசி போட்டாயிற்றா? வெறிநாய்க்கடிக்கு ஒன்று, மற்ற நோய்களுக்கு ஒன்று, இரண்டுக்கும் அட்டை வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆகிவிட்டதா? என்ன சாப்பிடுவான், ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மண்ணில் போவானா, வெளியே போவானா? பயந்தால் எங்கே போய் ஒளிவான்? மடியில் உட்காருவானா? எங்கே தடவினால் பிடிக்கும், எங்கே தொட்டால் கடிப்பான்?

இசக்கிப்பாண்டி முதல் இரண்டு கேள்விக்கு இழுத்தார். மூன்றாவதற்கு "மீன் சோறு" என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "தெரியலம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேரை எத்தனை நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்! இவளோ முகம் கோணாமல், "பரவால்ல, வீட்டுல கவனிச்சுப் பாருங்க" என்றாள்.

கிளம்பும்போது கூடை ஒன்றைக் கொடுத்தாள். "இதைத் திறந்தே வீட்டுல போட்டு வைங்க, அவனா உள்ள போயி பழகட்டும். முதல்ல ரெண்டு நாளு மட்டும் விட்டுப் பாப்போம். சரிப்பட்டு வந்தா ஊருக்குப் போங்க. அவன் சாப்பிடுத அதே சாப்பாட்டைக் கொண்டாங்க. அவன் படுக்க துணி ஒண்ணும் வேணும். துவைக்காண்டாம், அப்படியே கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து அவர் ஏட்டைக் கவனிக்க ஆரம்பித்தார். ஊசி அட்டை ரேஷன் கார்டோடு இருந்தது. வடிவம்மாள் போன ஆவணியில் போட்டுவிட்டிருந்தாள், இன்னும் தவணை இருந்தது. ஆபரேஷன் ஆனதும் அதிலேயே எழுதியிருந்தது. இத்தனையும் தன் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது. இடி இடித்தால் ஏட்டு நெல் பத்தாயத்துக்குப் பின்னால் போகும். அடுக்களையில் பாத்திரம் உருட்டினால் ஓடி வரும், வந்து அவரைப் பார்த்ததும் நின்றுவிடும். வேறு யாரையோ எதிர்பார்த்து வந்திருப்பது தெரியும். அவரும் அதே போலத்தான் எத்தனையோ சாயங்காலம் அடுக்களை வாசலில் போய் நின்றிருக்கிறார்.

பக்கத்துத் தெரு ஸ்ரீவித்யா வந்தது அதற்கு அடுத்த நாள். வீட்டிலிருந்தபடியே கம்பெனிக் கணக்கு வேலை பார்க்கிறவள். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பூனைகளுக்குப் போய்ச் சோறு வைத்து, பார்த்து வருவதும் உண்டு. மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் அவள் பெயரைச் சொல்லியிருந்தார்.

அவள் வந்து ஏட்டைக் கூப்பிடவில்லை, தேடவும் இல்லை. அடுக்களைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, அவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கு வந்தது. அவள் அதைப் பார்க்காதது போலவே இருந்தாள்.

இங்கேயும் அவர் விசாரித்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருவாய்? காலையும் சாயங்காலமும், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். வந்து சோற்றை வைத்துவிட்டு ஓடிவிடுவாயா? இல்லை, பூனையைக் கண்ணால் பார்க்காமல் கதவைப் பூட்டுவது கிடையாது. ஒளிந்திருந்தால் தேடிப் பார்த்து, சாப்பிட்டிருக்கிறானா, மண்ணில் போயிருக்கிறானா என்று பார்த்து, போட்டோ அனுப்புவேன். சாவி யாரிடம் இருக்கும்? என்னிடம் மட்டும்தான். உனக்கு மேலுக்கு முடியாமல் போனால்? என் தம்பி பெண்டாட்டி வருவாள், அவளையும் ஒரு நாள் கூட்டி வந்து பழக்கிவிடுகிறேன். இதற்கு முன் யார் வீட்டில் பார்த்திருக்கிறாய்? இரண்டு பேர் நம்பரை அவளே கொடுத்தாள், கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"நீங்க இல்லாதப்ப வெளிய விட முடியாது சார். நான் வாறப்ப அவன் தெருவுல இருந்தா என்னால எங்கன போயித் தேட முடியும்? இப்பமே உள்ளேயே இருக்கப் பழக்கிருங்க. பின்கட்டு ஜன்னலுக்கு வலை அடிக்கணும்."

"மத்த நேரம் எல்லாம்?"

"மத்த நேரம் அவன் வீட்டுல இருப்பான்."

"தனியாவா?"

"ஆமா சார்."

"இந்த வீட்டுலயா?"

ஸ்ரீவித்யா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், பூனைக்கு ஆளை விட இடம் பெருசு. இவனுக்கு வயசாச்சு, கூச்ச சுபாவம், ஒரு தடவ பட்டினி கெடந்து தேறினவன். குட்டிப் பூனைன்னா, ஆளு மேல ஒட்டுத பூனைன்னா, மணிக்கு ஒரு மருந்து குடுக்கணும்னா நானே பர்சானாட்ட விடச் சொல்லுவேன். இவனுக்கு அவன் வீடுதான் நல்லதுன்னு தோணுது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வது சும்மா. அவள் படியிறங்கும் முன்பே முடிவு செய்துவிட்டார். விடிந்தால் ஒரு குரல் கிடையாது, சாயங்காலம் விளக்குப் போட்டால் அந்த வெளிச்சமே ஒரு மாதிரி இருக்கும், மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு டி.வி.யைப் பார்த்து உட்கார வேண்டும், யாராவது மணியடித்தால் கியாஸ்காரனாக இருந்தாலும் உட்காரச் சொல்லத் தோன்றும். இந்த வீட்டில் தனியாகக் கிடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். எதிரிக்குக்கூட அது வேண்டாம், ஏட்டுக்கு வேண்டவே வேண்டாம். பர்சானா வீட்டிலாவது ஆள் நடமாட்டம் இருக்கும், பேச்சுக் குரல் இருக்கும், பக்கத்துக் கூண்டில் இன்னொரு பூனை இருக்கும். தமக்குப் பொறுக்காதது பூனைக்கும் பொறுக்காது என்று கணக்குப் போட்டார். யாரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் கேட்க வேண்டிய ஆளை அவர் கேட்கவில்லை. ஏட்டு அப்போது அடுக்களைக் கட்டிலில், அந்த ஊதாக் கட்டச் சேலையில் முகத்தைப் புதைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பர்சானாவிடம் விடுகிற நாளுக்கு முதல் நாள், அவர் அந்தச் சேலையை எடுத்தார்.

துவைக்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்று அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வார்கள். சும்மா வாருங்கள் என்றால் சீப்புப் பழமாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் பாயசமாவது வைக்க வேண்டும். பாத்திரத்தை அப்படியே கொடுங்கள், நான் கழுவிக்கொள்கிறேன் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள் என்பதற்காக எச்சில் பாத்திரத்தையா கொடுத்துவிடுவார்கள்? அதை மரியாதைக்குச் சொன்னது என்றே அவர் எடுத்துக்கொண்டார். அதிலும் இது வடிவம்மாள் கட்டிய சேலை. முடியும் அழுக்குமாக, மடித்தும் மடிக்காமலும் ஒரு அந்நியர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால், பெண்டாட்டி போனதும் இந்த ஆள் அவள் துணியை இப்படித்தான் வைத்திருக்கிறான் என்று பேச மாட்டார்களா?

சர்வீஸ் முழுக்கத் தம் யூனிபாரத்தைத் தாமே துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்தவர் அவர். வடிவம்மாளிடம்கூட விட்டதில்லை. அந்தக் கையோடு சேலையை ஊறவைத்தார். சோப்புப் போட்டு, கல்லில் கும்மி, இரண்டு தண்ணீரில் அலசி, லேசாகக் கஞ்சி போட்டார். சாரலில் காயாதென்று கூடத்தில் கொடி கட்டி மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தார். அன்று ஏட்டு கட்டிலுக்கும் கொடிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தது. "ஏலே, நாளைக்கு உனக்குத்தான் தாரேன். பொறு" என்று அவர் முதல் தடவையாக அதனிடம் சிரித்துப் பேசினார். காய்ந்ததும் தேய்த்து, முனையோடு முனை சேர்த்து, கத்தி மாதிரி மடிப்பு விழ மடித்து வைத்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது. வெகு நாள் கழித்து வடிவம்மாளுக்காக ஒரு வேலை செய்திருந்தார்.

மறுநாள் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஏட்டு வழியெல்லாம் கத்தியது. பர்சானா வாசலில் வாங்கிக்கொண்டு, சேலையைக் கூண்டுக்குள் அட்டைப்பெட்டியில் விரித்தாள். விரிக்கும்போது அவள் கை ஒரு நொடி நின்றது. அது கூண்டு கழுவுகிற நேரம், உள்ளேயிருந்து வேலையாட்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் போட்டோ வந்தது. ஏட்டு பெட்டியில் இல்லை. கூண்டின் மூலையில், மண் தட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாப்பாடு வைத்தபடி இருந்தது. இசக்கிப்பாண்டி தமக்குச் சோறு வைக்கவில்லை. வீடு இப்போதுதான் முழுசாகக் காலியாக இருந்தது. இத்தனை மாதம் தனியாக இருந்தோம் என்று நினைத்தது தப்பு என்று அவருக்கு அன்று புரிந்தது. ஒளிந்துகொண்டாவது, முறைத்துக்கொண்டாவது, ஒரு உயிர் வீட்டில் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் சொன்னபடி போன் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு வாய் தொடல. தண்ணிகூட லேசா நக்கிட்டு விட்டுட்டான். கருவாட்டுச் சாறு, சுடுமீன் எல்லாம் வச்சுப் பாத்துட்டேன். இவன் பழைய கதை தெரியும்லா, நான் இன்னும் ஒரு நாள் பாக்கேன்னு சொல்ல மாட்டேன். வந்து எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குப் போயும் சாப்பிடலன்னா இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டணும்."

அவர் இருந்த சட்டையோடு ஓடினார். குற்றாலத்துச் சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். ஆட்டோவுக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது.

பர்சானா ஏட்டைக் கூடையில் வைத்துத் தயாராக நின்றாள். சேலையை அவர் கையில் கொடுத்தாள்.

"இதைத் துவைச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. அழுக்கா இருந்துச்சு."

"துவைக்காண்டாம்னு சொன்னேன்லா."

"நீ சும்மா மரியாதைக்குச் சொல்லுதன்னு நெனச்சேன்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மரியாதைக்கு இல்ல அண்ணாச்சி. பூனைக்குக் கண்ணை விட மூக்குதான். பழகின வாசம் ஒண்ணு கூட இருந்தா, இதுவும் நம்ம எடந்தான்னு நெனச்சுக் கொஞ்சம் தேறும். இதுல சோப்பு வாசம்தான் வருது. அவன் மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டான். அப்பமே உங்ககிட்ட கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன். இது யாரு சேலை, மதினியோடதா?"

இசக்கிப்பாண்டி தலையாட்டினார். ஆட்டோவில் ஏறி, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேலையை முகத்தில் வைத்துப் பார்த்தார். சோப்பு, கஞ்சி, இஸ்திரிச் சூடு. இரவு பகல் என்று எட்டு மாதமாக அடுக்களைக் கட்டிலில் கிடந்தது. ஒரு நாளாவது குனிந்து இப்படி முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாரா? இல்லை. அவளுடைய மஞ்சளும், தேங்காயெண்ணெயும், அடுக்களைப் புகையும், அவளும் அதில் இருந்திருக்கிறாள். ஏட்டுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அதைச் சீறிச் சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்ததும் அதுதான். வீட்டில் அவளுடையது என்று மிச்சம் இருந்த ஒன்றையும் அவர் தம் கையாலேயே கல்லில் கும்மிக் கழுவிவிட்டார். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்க்கிறான் என்று தெரிந்தும் அவர் அழுதார்.

வீட்டில் கூடையைத் திறந்ததும் ஏட்டு நேராகப் பத்தாயத்துக்குப் பின்னால் போய்விட்டது. அவர் வேர்த்து நனைந்த சட்டையைக் கழற்றி அடுக்களைக் கட்டிலில் எறிந்தார். நெத்திலியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து, வெதுவெதுப்பாக வைத்துவிட்டு, ஸ்ரீவித்யா உட்கார்ந்த இடத்தில், அவள் உட்கார்ந்த மாதிரியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. பார்க்கவும் இல்லை. வெளியே சாரல் ஓட்டின்மேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோகக் கூடையை அருகிலேயே வைத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூக்கு வெளியே வந்தது. பிறகு மூன்று கோடு போட்ட கால். ஏட்டு தட்டை மோந்து, சுற்றிப் பார்த்து, சாப்பிட ஆரம்பித்தது. அவருக்கும் அப்போதுதான் பசித்தது.

மஞ்சு போன் செய்தபோது அவர் இன்னும் தரையில்தான் இருந்தார். ஸ்ரீவித்யாவே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாகிவிட்டதைச் சொன்னார். கூப்பிட ஒரு நம்பர் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் கேட்டால் டாக்டர் நம்பரையும் பர்சானா நம்பரையும் கொடுத்துவிடுகிறேன் என்றார். டிக்கெட் போடப் போவதாகவும் சொன்னார்.

"அப்ப வாறீயளாப்பா?" என்று மகள் குரல் குழந்தை மாதிரி ஆனது. "அப்பா, ஒண்ணு கொண்டாரணும். தொட்டில் கட்ட அம்மா சேலை ஒண்ணு வேணும். நான் கிளம்பி வந்த பொறவு அத்தை எல்லாத்தையும் குடுத்துட்டாவன்னு சொன்னீய. ஏட்டு ஒண்ணு வச்சிருக்கான்லா, அதைக் கொண்டாங்க. அவனுக்கு வேற ஏதாவது போடலாம். துவைக்காமக் கொண்டாங்கப்பா. நான் கொஞ்சம் அதை..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

இப்போதைக்குச் சரி என்று சொல்லிவைக்கலாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எத்தனையோ பேர் அவர் முன்னால் அப்படி நின்று திணறியதைப் பார்த்திருக்கிறார். "துவைச்சிட்டேன் மஞ்சு" என்றார். "நேத்து இல்ல, முந்தாநாளு. நான்தான் துவைச்சேன். கஞ்சி போட்டுத் தேச்சிட்டேன். தெரியாமப் போச்சுட்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கமும் அதேதான். அப்பனும் மகளும் வடிவம்மாளுக்காகச் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. ஐப்பசியில் சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அது நடக்காமலே போயிருந்தது.

"பரவால்லப்பா" என்றாள் மஞ்சு கடைசியில். "அதையே கொண்டாங்க. ஏட்டு இப்ப எங்கன?"

அவர் திரும்பிப் பார்த்தார். தட்டு காலி. ஏட்டு அடுக்களைக் கட்டிலில் ஏறியிருந்தது. சேலை கிடந்த இடத்தில் கொஞ்ச நேரம் மோந்து மோந்து தேடியது. அங்கே ஒன்றும் கிடைக்காமல், பக்கத்தில் சுருண்டு கிடந்த வேர்வைச் சட்டைமேல் ஏறி, அதைக் காலால் இரண்டு தடவை பிசைந்து, முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தது.

"எஞ் சட்டை மேல படுத்திருக்கான்" என்றார்.

"அதைத் துவைச்சிராதீங்க. அப்படியே அவனுக்குப் போட்டுட்டு வாங்க."

அவர் சரி என்றார். போனை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பனியனோடு தரையில் உட்கார்ந்து, தம் அழுக்குச் சட்டையில் ஒரு பூனை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த வீட்டில் அதற்குப் பழகிய வாசம் அவருடையது மட்டும்தான். ஊருக்குக் கிளம்புகிற அன்று, பயணப் பெட்டியில் முதலாவதாக வடிவம்மாளின் சேலையை எடுத்து வைத்தார். வைப்பதற்கு முன் மடிப்பைக் கலைத்து, இன்னொரு தடவை முகத்தில் வைத்துப் பார்த்தார். சோப்பு வாசம்தான் வந்தது.